படம் காணாமல் போன வரைபடத்தை வார்த்தையால் சொல்வது எப்படி? பிளஸ் டூ கணக்கு, உதவி தேவை

செல்வி_திருமங்கலம்

எல்லோருக்கும் வணக்கம். திருமங்கலத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். பல வருஷமாகப் பயன்படுத்தும் ஒரு பயிற்சித் தாளில் எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது. "படத்தில் உள்ள வரைபடத்தைக் கொண்டு, f(x) = k என்ற சமன்பாட்டுக்குத் தீர்வே இல்லாத k மதிப்புகளைக் காண்க" என்பது கேள்வி. இப்போது அந்தப் படம்தான் இல்லை. கோப்பைத் திறந்தால் படம் இருந்த இடத்தில் வெறும் கட்டம் நிற்கிறது. படம் வேறொரு தளத்தில் இருந்து வந்துகொண்டிருந்தது, அந்தத் தளம் மூடிவிட்டார்கள். சார்பின் சமன்பாடும் தாளில் கிடையாது.

நல்லவேளையாக, முன்பு பாடம் எடுத்தபோது என் நோட்டில் படத்தின் விவரங்களைக் குறித்து வைத்திருந்தேன். அதைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னேன்:

"x-அச்சை 0, 3 ஆகிய இடங்களில் வெட்டும். y-அச்சை 0-இல் வெட்டும். திரும்பும் புள்ளிகள் (1, −1), (−3, −9). தொலைத் தொடுகோடுகள் x = −1, y = x − 4."

எல்லா விவரமும் இதில் இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் ஆளுக்கொரு படம் வரைந்தார்கள். ஒரு பையன் x = −1 கோட்டைத் தாண்டி, (−3, −9)-இல் இருந்து ஆதிப்புள்ளி வரை ஒரே கோடாக இழுத்துவிட்டான். இன்னொரு பெண் இடது துண்டை x = −1 பக்கத்தில் மேலே ஏற்றிவிட்டாள். இந்த விவரத்தில் எது குறைகிறது? எந்த வரிசையில் சொன்னால் கேட்பவர் சரியாக வரைய முடியும்?

இன்னொன்றும் இருக்கிறது. நோட்டில் இடதுபக்கத் திரும்பும் புள்ளியின் எண் மங்கியிருக்கிறது. −9 போலவும் தெரிகிறது, −8 போலவும் தெரிகிறது. படம் இல்லாமல் இதை உறுதிப்படுத்த வழி உண்டா?

சிம்மக்கல்_பாலா

அக்கா, படம் போனதற்கு இவ்வளவு கவலை வேண்டாம். சிம்மக்கல்லில் டிடிபி கடை வைத்திருக்கிறேன், இந்த மாதிரி கோப்பு நிறைய வரும். பழைய பிரதி யாராவது இறக்கி வைத்திருந்தால் அதற்குள்ளேயே படம் இருக்கும். ஜெராக்ஸ் எடுத்த தாள் ஒன்று கிடைத்தாலும் ஸ்கேன் போட்டுத் தெளிவாக்கித் தருகிறேன்.

செல்வி_திருமங்கலம்

நன்றி பாலா. பழைய ஜெராக்ஸ் யாரிடமும் இல்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் என் கேள்வி படத்தை மீட்பது பற்றி இல்லை. படம் கிடைத்தாலும், போனில் சந்தேகம் கேட்கிற பிள்ளைக்கு நான் வாயால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வார்த்தையால் சொல்வதைச் சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பைபாஸ்_கார்த்தி

மேடம், உங்கள் நோட்டில் புள்ளிகள் இடம் மாறியிருக்கின்றன. இடதுபக்கம் பெருமம், வலதுபக்கம் சிறுமம் என்றுதானே சொல்ல வருகிறீர்கள்? பெருமத்தின் உயரம் −9, சிறுமத்தின் உயரம் −1 என்றால் பெருமம் சிறுமத்தைவிடக் கீழே இருக்கிறது. அது எப்படி முடியும்? (−3, −1), (1, −9) என்று இருக்க வேண்டும்.

அப்புறம், தொலைத் தொடுகோட்டை வளைவரை ஒருபோதும் வெட்டாது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பாதிக் குழப்பம் தீரும். ஒரே கோடாக இழுத்த பையன் அந்த விதியைத்தான் மீறியிருக்கிறான்.

வடக்குமாசி_கணக்கு

கார்த்தி தம்பி, புள்ளிகள் மாறவில்லை. (1, −9) என்று வைத்துப் பாருங்கள். வலது துண்டு ஆதிப்புள்ளி வழியாக இறங்கி, −9 வரை போய், x = 3-க்குள் மறுபடி 0-க்கு ஏற வேண்டும். அந்த வளைவரை x = 1-இல் y = x − 4 கோட்டுக்குக் கீழே போய்விடும், ஏனென்றால் அங்கே கோட்டின் உயரம் −3. நீங்கள் சொன்ன விதியையே அது மீறும்.

பெருமம் சிறுமத்தைவிடக் கீழே இருக்கலாம். இடஞ்சார்ந்த பெருமம் என்பது பக்கத்தில் இருக்கும் புள்ளிகளோடு மட்டும் ஒப்பிட்டுச் சொல்வது. இங்கே இரண்டும் வெவ்வேறு துண்டில் இருக்கின்றன, நடுவே x = −1-இல் வளைவரை அறுந்துவிடுகிறது. தொடர்ச்சியான ஒரே வளைவரையில் ஒரு பெருமமும் அதை அடுத்து ஒரு சிறுமமும் இருந்தால் நீங்கள் சொல்வது சரி. இறங்கித்தானே அடுத்த சிறுமத்துக்குப் போக முடியும்? இங்கே அந்த இறக்கம் கீழே எல்லையில்லாமல் போய்விட்டு, மறுபக்கம் மேலே எங்கிருந்தோ தொடங்குகிறது.

தொலைத் தொடுகோட்டை வெட்டாது என்ற விதி நிலைக்குத்துக் கோட்டுக்குப் பொருந்தும், ஏனென்றால் அந்த x-இல் சார்பே வரையறுக்கப்படவில்லை. கிடைமட்டக் கோட்டையும் சாய்ந்த கோட்டையும் வெட்டலாம். x/(x² + 1)-க்கு x-அச்சே தொலைத் தொடுகோடு, ஆனாலும் ஆதிப்புள்ளியில் அதை வெட்டித்தான் போகிறது. பிள்ளைகளிடம் "ஒருபோதும் வெட்டாது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் அடுத்த கணக்கில் இடறுவார்கள்.

செல்வி அம்மாவுக்கு: உங்கள் விவரத்தில் எண்கள் குறையவில்லை. கோட்டின் எந்தப் பக்கத்தில் வளைவரை இருக்கிறது என்பதைச் சொல்லாததுதான் குறை. x = −1 தொலைத் தொடுகோடு என்று சொன்னால், இடப்புறம் மேலே போகிறதா கீழே போகிறதா, வலப்புறம் மேலே போகிறதா கீழே போகிறதா என்று இரண்டு செய்தி பாக்கி இருக்கிறது. சாய்ந்த கோட்டுக்கும் அப்படியே, இரண்டு ஓரத்திலும் வளைவரை அதற்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். மொத்தம் நான்கு சின்னச் செய்திகள். படத்தில் கண் அவற்றைத் தானாக எடுத்துக்கொள்ளும், வார்த்தையில் நாம் சொன்னால்தான் உண்டு.

பைபாஸ்_கார்த்தி

கிடைமட்டக் கோட்டை வெட்டலாம் என்பது புரிகிறது சார். ஆனால் அந்த நான்கில் x = −1 பற்றிய இரண்டும் மேடம் கொடுத்த எண்களிலேயே அடங்கியிருக்கிறதே? இடது ஓரத்தில் வளைவரை சாய்ந்த கோட்டோடு கீழே இருந்து வருகிறது. இடது துண்டில் ஒரே ஒரு திரும்பும் புள்ளி. அப்படியென்றால் ஏறி வந்து −3-இல் திரும்பி இறங்க வேண்டும், வேறு வழியில்லை. x = −1 பக்கத்தில் அது கீழேதான் போகும். மேலே ஏற்றிய பெண் யோசித்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம்.

வடக்குமாசி_கணக்கு

சரியாகச் சொன்னீர்கள், அந்த வாதம் முழுக்கச் சரி. வலது துண்டுக்கும் அப்படியே ஊகிக்கலாம். ஆனால் படம் பார்க்கிற பிள்ளை இப்படி வாதம் செய்து கண்டுபிடிப்பதில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. படத்துக்குப் பதிலாக வார்த்தை கொடுக்கும்போது, படத்தில் இல்லாத வேலையைக் கேட்பவர் தலையில் சுமத்தக் கூடாது. கணக்கின் கேள்வி k பற்றியது, வளைவரையின் வடிவத்தைக் கண்டுபிடிப்பது பற்றியது இல்லை.

ஒத்தக்கடை_முத்து

இந்த இழையைத் திரைவாசிப்பான் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கணக்குப் பட்டப்படிப்பு முடித்து இப்போது வங்கி வேலையில் இருக்கிறேன். படித்த காலம் முழுக்க வரைபடங்களை யாராவது வாயால் சொல்லித்தான் வாங்கிக்கொண்டேன். அந்த அனுபவத்தில் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

செல்வி மேடம் சொன்ன வரிசை வரைபவருக்கு மிகவும் சிரமமானது. முதலில் 0, 3 என்று வலப்பக்கம் போகிறோம். பிறகு 1, உடனே −3 என்று இடப்பக்கம் தாவுகிறோம். கடைசியில்தான் −1-இல் ஒரு வெட்டு இருக்கிறது என்று தெரிகிறது. அதற்குள் மனதில் ஒரு முழுக்கோடு ஓடிவிட்டிருக்கும். உங்கள் மாணவன் ஒரே கோடாக இழுத்ததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். புள்ளிகளைக் கேட்டவுடன் சேர்க்கத் தொடங்கியிருப்பான், வெட்டு இருப்பது பிந்தித்தான் வந்தது.

எனக்கு ஒரு நண்பன் சொல்லித் தருவான். அவன் முதலில் தொலைத் தொடுகோடுகளைச் சொல்லி, நான் தாளில் நூலை ஒட்டி முடிக்கும் வரை காத்திருப்பான். அப்புறம் "இடது ஓரத்தில் விரலை வை" என்று தொடங்கி வலது ஓரம் வரை ஒரே திசையில் நடத்திப் போவான். திரும்ப மாட்டான். எங்கே அறுகிறதோ அங்கே "விரலை எடு" என்பான். அப்படிக் கேட்டால் குழப்பமே வராது.

இன்னொன்று, "U மாதிரி", "மலை மாதிரி" என்று சொல்வதை நம்ப வேண்டாம். இங்கே வலது துண்டும் U மாதிரிதான், x²-உம் U மாதிரிதான். ஆனால் இந்த U-வின் இடது கை நிலைக்குத்தாக நிற்கிறது, வலது கை சாய்ந்த கோட்டோடு போகிறது. வெறும் U என்று கேட்டால் நான் இரண்டு கையையும் ஒரே மாதிரிதான் வைப்பேன்.

செல்வி_திருமங்கலம்

முத்து சார், ரொம்ப நன்றி. "விரலை எடு" என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இன்று வகுப்பில் அப்படியே சொல்லிப் பார்க்கிறேன்.

வடக்குமாசி ஐயா, −9-ஆ −8-ஆ என்ற சந்தேகத்துக்கு என்ன சொல்கிறீர்கள்?

வடக்குமாசி_கணக்கு

இதற்கு ஒரு துணிபு தேவை. பிளஸ் டூ தாளில் வருகிற கணக்கு என்பதால், இந்தச் சார்பு இருபடி கீழ் ஒருபடி என்ற எளிய விகிதமுறு சார்பு என்று எடுத்துக்கொள்வோம். நிலைக்குத்துக் கோடு ஒன்று, சாய்ந்த கோடு ஒன்று என்ற அமைப்பு அதற்குத்தான் வழக்கமாக வரும்.

அப்படியானால் சாய்ந்த கோட்டோடு ஒரு சின்ன மிச்சம் சேர்ந்ததுதான் சார்பு:

```
f(x) = x − 4 + c/(x + 1)
```

ஆதிப்புள்ளி வழியாகப் போவதால் 0 = −4 + c, ஆக c = 4. இரண்டு தொலைத் தொடுகோடும் ஒரு புள்ளியும் போதும், சார்பு முழுக்க முடிவாகிவிட்டது. பொதுப் பகுதி எடுத்தால்:

```
f(x) = (x² − 3x)/(x + 1)
```

இனி உங்கள் நோட்டில் உள்ள மற்ற எண்கள் எல்லாம் புதிய செய்தி இல்லை, சோதனைகள். தொகுதி x(x − 3), அதனால் x-வெட்டுத்துண்டு 0, 3. பொருந்துகிறது. வகையிட்டால் 1 − 4/(x + 1)², இது பூஜ்யமாக (x + 1)² = 4, அதாவது x = 1 அல்லது x = −3. அதுவும் பொருந்துகிறது. f(1) = −2/2 = −1. f(−3) = 18/(−2) = −9. உங்கள் நோட்டில் இருந்தது −9.

வகையிடாமலே பார்க்க ஒரு வழி உண்டு. இந்த வகைச் சார்பு, இரண்டு தொலைத் தொடுகோடும் சந்திக்கும் புள்ளியைச் சுற்றி அரைச்சுற்று திருப்பினால் தன்மேலேயே வந்து உட்காரும். கோடுகள் சந்திப்பது (−1, −5)-இல். திரும்பும் புள்ளிகள் இரண்டுக்கும் நடுப்புள்ளி அதுவாக இருக்க வேண்டும். (1, −1)-உம் (−3, −9)-உம் எடுத்தால் நடுப்புள்ளி (−1, −5), சரியாக இருக்கிறது. −8 என்று எடுத்தால் நடுப்புள்ளியின் உயரம் −4.5, பொருந்தாது. போனில் கேட்டுக் குறித்துக்கொண்ட விவரத்தில் ஒரு எண் பிசகினால் இப்படிக் கண்டுபிடிக்கலாம்.

மேலூர்_நிலா

நான் பிளஸ் டூ படிக்கிறேன். ஐயா சொன்ன துணிபு பற்றி ஒரு சந்தேகம். c/(x + 1)-க்குப் பதில் c/(x + 1)² என்று இருக்கக் கூடாதா? அப்போதும் x = −1-உம் y = x − 4-உம் தொலைத் தொடுகோடுகள்தானே? ஆதிப்புள்ளி வழியாகப் போக அங்கேயும் c = 4 தான் வருகிறது. அதை வகையிட்டால் 1 − 8/(x + 1)³, அது பூஜ்யமாக மறுபடியும் x = 1 வருகிறது! தொலைத் தொடுகோடுகள் அதே, y-வெட்டுத்துண்டு அதே, வலதுபக்கத் திரும்பும் இடம்கூட அதே x. நான் ரொம்ப நேரம் இதிலேயே மாட்டிக்கொண்டேன்.

வடக்குமாசி_கணக்கு

நிலா, அருமையான கேள்வி. நீ கண்டுபிடித்தது முழுக்கச் சரி. இப்போது இரண்டும் எங்கே பிரிகின்றன என்று பார். உன் சார்பில் f(1) = −3 + 1 = −2, செல்வி அம்மாவின் நோட்டில் −1. உன்னுடையது x-அச்சை 0-இல் வெட்டும், அதோடு x² − 2x − 7 = 0-இன் மூலங்களில் வெட்டும். அவை ஏறத்தாழ 3.83, −1.83. நோட்டில் இருக்கும் 3 அதில் வராது.

எண்ணே பார்க்காமலும் பிரிக்கலாம். உன்னுடையதில் (x + 1)² எப்போதும் மிகை, அதனால் x = −1-க்கு இரண்டு பக்கமும் வளைவரை மேலேதான் போகும். இடது துண்டு கீழிருந்து ஏறிக்கொண்டே போய் x-அச்சையும் தாண்டி மேலே போய்விடும், திரும்பும் புள்ளியே இருக்காது. செல்வி அம்மாவின் மாணவி இடது துண்டை மேலே ஏற்றினாள் அல்லவா, அவள் வரைந்தது ஏறத்தாழ உன் சார்பின் இடது துண்டு. "இடப்பக்கம் கீழே போகிறது, வலப்பக்கம் மேலே போகிறது" என்று ஒரே வரி சொல்லியிருந்தால் உன் சார்பு அந்த இடத்திலேயே விலகியிருக்கும்.

பைபாஸ்_கார்த்தி

அப்படியென்றால் பக்கமும் சொல்லி, வெட்டுத்துண்டும் திரும்பும் புள்ளியும் எல்லாம் சொல்லிவிட்டால் சார்பு ஒன்றே ஒன்றுதான் என்று உறுதியாகச் சொல்லலாமா சார்?

வடக்குமாசி_கணக்கு

சொல்ல முடியாது. நம் சார்போடு இதைக் கூட்டிப் பாருங்கள்:

```
ε · x(x − 3)(x − 1)²(x + 3)² / (x² + 1)⁴
```

ε மிகச் சிறிய எண். 0, 3, 1, −3 ஆகிய இடங்களில் இது பூஜ்யம், அதனால் வெட்டுத்துண்டும் திரும்பும் புள்ளிகளும் அசையாது. (x − 1), (x + 3) இரண்டும் இருமடியாக இருப்பதால் அங்கே சாய்வும் மாறாது. x பெரிதாகும்போது இது தேய்ந்து போய்விடும், x = −1-இல் ஒரு வம்பும் செய்யாது. ஆக நீங்கள் சொன்ன அத்தனை விவரமும் அப்படியே இருக்கும், சார்பு மட்டும் வேறு. இதனால்தான் "இருபடி கீழ் ஒருபடி" என்ற துணிபு வேண்டும் என்றேன். படத்தை மட்டும் வைத்துச் சமன்பாடு கேட்டால், அந்தத் துணிபைக் கேள்வியிலேயே எழுத வேண்டும்.

செல்வி அம்மாவின் கேள்விக்கு இந்தச் சிக்கல் வராது. அங்கே சமன்பாடு கேட்கவில்லை, k கேட்கிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஒரு திரும்பும் புள்ளி என்பது தெரிந்தால் போதும், சார்பு எதுவாக இருந்தாலும் விடை அதேதான்.

செல்வி_திருமங்கலம்

இன்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். முத்து சார் சொன்ன வரிசை, ஐயா சொன்ன நான்கு செய்தி இரண்டையும் சேர்த்து எழுதிக்கொண்டு போனேன். அதை இங்கே போடுகிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

"x-அச்சை −8 முதல் 8 வரையும், y-அச்சை −14 முதல் 8 வரையும் போட்டுக்கொள்ளுங்கள். x = −1-இல் ஒரு நிலைக்குத்துக் கோடு, புள்ளிப்புள்ளியாக. (0, −4), (4, 0) வழியாக ஒரு சாய்ந்த கோடு, அதுவும் புள்ளிப்புள்ளியாக. இரண்டும் தொலைத் தொடுகோடுகள். வளைவரை இரண்டு தனித்துண்டு, x = −1-இல் அறுந்திருக்கும்.

இடது துண்டு: இடது ஓரத்தில் சாய்ந்த கோட்டுக்குச் சற்றுக் கீழே தொடங்குகிறது. கோட்டை ஒட்டியபடி ஏறி, போகப் போக அதைவிட்டு விலகி, (−3, −9)-இல் உச்சம் தொட்டுத் திரும்புகிறது. அங்கிருந்து இறங்கி, x = −1 கோட்டை இடப்புறமாக நெருங்கியபடி கீழே எல்லையில்லாமல் போகிறது. இந்தத் துண்டு எந்த அச்சையும் தொடாது. இப்போது பென்சிலை எடுங்கள்.

வலது துண்டு: x = −1 கோட்டுக்கு வலப்புறம் மிக உயரத்தில் தொடங்கிச் செங்குத்தாக இறங்குகிறது. ஆதிப்புள்ளியில் இரண்டு அச்சையும் ஒன்றாக வெட்டி, (1, −1)-இல் அடிமட்டம் தொட்டுத் திரும்புகிறது. ஏறி, (3, 0)-இல் x-அச்சை மறுபடி வெட்டி, சாய்ந்த கோட்டை மேலிருந்து நெருங்கியபடி வலது ஓரம் வரை போகிறது. சாய்ந்த கோட்டை எந்தத் துண்டும் வெட்டாது."

எல்லாப் படமும் ஒன்றுபோல வந்தது. ஒரே கோடாக இழுத்த பையன் பென்சிலை எடுத்துவிட்டுத்தான் வலது துண்டைத் தொடங்கினான். ஆனால் சாய்ந்த கோட்டை எவ்வளவு நெருங்குவது என்பதில் ஆளுக்கொரு மாதிரி. சிலர் x = 3-ஐத் தாண்டியதுமே கோட்டில் ஒட்டிவிட்டார்கள்.

வடக்குமாசி_கணக்கு

விவரம் நன்றாக இருக்கிறது. நெருக்கத்துக்கு ஒவ்வொரு துண்டிலும் ஒரு புள்ளி கூடுதலாகக் கொடுங்கள். கோட்டுக்கும் வளைவரைக்கும் உள்ள இடைவெளி 4/(x + 1). x = 3-இல் இடைவெளி 1, x = 7-இல் அரை. ஆகவே (7, 3.5)-ஐச் சொன்னால் கோடு அங்கே 3-இல் இருப்பதால் நெருக்கம் கைக்குத் தெரியும். இடதுபக்கம் (−5, −10)-ஐச் சொல்லலாம், கோடு அங்கே −9. அதே உயரத்தில் (−2, −10)-உம் வளைவரையில் இருக்கிறது. உச்சத்துக்கு ஒருபக்கம் சரிவு மெதுவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருப்பதை இந்த இரண்டு புள்ளியுமே காட்டிவிடும்.

ஒத்தக்கடை_முத்து

ஆமாம், இந்தப் புள்ளிகள் ரொம்ப உதவும். அச்சின் அளவை முதலிலேயே சொன்னதும் நல்லது. அதைச் சொல்லாவிட்டால் நான் பத்து வரை நூல் ஒட்டி முடித்த பிறகு −14 வரும், எல்லாவற்றையும் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும்.

ஒரு திருத்தம். "போகப் போக அதைவிட்டு விலகி" என்று இருக்கிறது. எந்தப் பக்கம் விலகுகிறது? கீழ்ப்பக்கம் என்று சேருங்கள். கோடு மேலே போய்க்கொண்டிருக்க, வளைவரை கீழே தங்கிவிடுகிறது என்று சொன்னால் இன்னும் தெளிவு.

மேலூர்_நிலா

செல்வி மேடம் எழுதியதைப் படித்து நானும் வரைந்தேன், சரியாக வந்தது. ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. கேள்வி k பற்றியது. "(−3, −9)-இல் உச்சம்", "(1, −1)-இல் அடிமட்டம்" என்று விவரத்திலேயே சொல்லிவிட்டால் விடை பாதி வந்துவிடுகிறதே? இடது துண்டு −9-க்கு மேலே வராது, வலது துண்டு −1-க்குக் கீழே போகாது, ஆக −9 < k < −1. படம் பார்க்கிற பிள்ளை இதைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். வார்த்தை கேட்கிற பிள்ளைக்கு நாமே சொல்லிவிடுகிறோம்.

சமன்பாட்டை வைத்து விடையைச் சரிபார்த்தேன். x² − (3 + k)x − k = 0, தன்மைகாட்டி (k + 1)(k + 9). இது குறையாக இருக்கும்போது தீர்வில்லை. அதே விடைதான்.

பைபாஸ்_கார்த்தி

நிலா சொல்வது நியாயம். "உச்சம்" என்ற வார்த்தையை எடுத்துவிட்டு "(−3, −9)-இல் திரும்புகிறது" என்று மட்டும் சொன்னால் போதாதா?

ஒத்தக்கடை_முத்து

கார்த்தி, ஏறி வந்து திரும்பி இறங்குகிறது என்று சொன்ன பிறகு உச்சம் என்று சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒன்றுதான். "ஏறி", "இறங்கி" என்பதையும் எடுத்துவிட்டால் என்னால் வரைய முடியாது. படம் பார்க்கிறவர்களுக்கு உச்சம் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது, அதை யாரும் விடையைச் சொல்லிக் கொடுத்ததாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? படத்தில் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் (−3, −9) என்று எழுதியிருந்ததா மேடம்?

செல்வி_திருமங்கலம்

எழுதியிருந்தது, அதைப் பார்த்துத்தான் நோட்டில் குறித்தேன். கோடுகளுக்கும் சமன்பாடு எழுதியிருந்தது.

வடக்குமாசி_கணக்கு

அப்படியானால் முத்து சொல்வதுதான் அளவுகோல். படத்தில் எழுதியிருந்ததையும் கண்ணால் நேராகத் தெரிவதையும் சொல்லலாம். "இடது துண்டு −9-க்கு மேலே வராது" என்ற வரி படத்தில் எழுதியிருக்கவில்லை, அது பார்த்த பிறகு நாம் எடுக்கும் முடிவு. அதைச் சொல்ல வேண்டாம். செல்வி அம்மா அதை எழுதவும் இல்லை.

மேலூர்_நிலா

புரிகிறது ஐயா, ஆனாலும் முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. "சாய்ந்த கோட்டை எந்தத் துண்டும் வெட்டாது", "எந்த அச்சையும் தொடாது" என்பதெல்லாம் பார்த்து எடுத்த முடிவுதானே? படம் ஓரத்தோடு முடிந்துவிடும், அதற்கு அப்பால் வெட்டுகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. அவற்றைச் சொல்லலாம், இதைச் சொல்லக் கூடாது என்றால் கோடு எங்கே?

வடக்குமாசி_கணக்கு

நல்ல இடத்தில் பிடித்தாய். ஓரத்துக்கு அப்பால் என்ன என்பது படத்திலும் இல்லைதான். தொலைத் தொடுகோடு என்று பெயர் எழுதியிருந்தால் நெருங்குகிறது என்பது உறுதி, வெட்டாது என்பது உறுதியில்லை. செல்வி அம்மா அந்த வரியை "படத்தில் தெரியும் அளவில் எந்தத் துண்டும் சாய்ந்த கோட்டை வெட்டவில்லை" என்று மாற்றிக்கொள்ளலாம். அச்சைத் தொடாது என்பது பற்றி இன்னும் யோசிக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் k = 0-க்கு இடதுபக்கம் தீர்வு இருக்கிறதா என்று பிள்ளை தடுமாறும்.

செல்வி_திருமங்கலம்

மாற்றிவிட்டேன். (7, 3.5), (−5, −10), (−2, −10) மூன்றையும் சேர்த்துவிட்டேன், "கீழ்ப்பக்கமாக விலகி" என்றும் போட்டுவிட்டேன். அச்சைத் தொடாது என்ற வரியை இப்போதைக்கு விட்டு வைக்கிறேன். அடுத்த வாரம் அந்த வரி இல்லாமல் வேறு ஒரு பேட்சில் சொல்லிப் பார்த்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று இங்கே எழுதுகிறேன்.

சிம்மக்கல்_பாலா

அக்கா, அந்த விவரத்தை அனுப்புங்கள், படம் இருந்த காலிக் கட்டத்துக்குள்ளேயே தட்டச்சு செய்து தருகிறேன். ஐயா சொன்ன சமன்பாட்டை வைத்துப் படமும் வரைந்து கீழே போட்டுவிடலாம். இந்தத் தடவை படத்தைக் கோப்புக்குள்ளேயே வைத்துவிடுகிறேன், வெளியில் இருந்து இழுக்காது.

செல்வி_திருமங்கலம்

அனுப்புகிறேன் பாலா. படமும் இருக்கட்டும், விவரமும் இருக்கட்டும். விவரத்தை மட்டும் படத்துக்கு மேலே வைத்துவிடுங்கள்.